ஏரி எங்கே முடிகிறது? தண்ணீர் வற்றினாலும் மண்ணில் இருக்கும் சாட்சி!

ஏப்ரல், மே மாதங்களில் தர்மபுரி – பென்னாகரம் சாலையில் இண்டூர் பக்கம் போனால், ஏரி எது, மேய்ச்சல் நிலம் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். தண்ணீர் வற்றி, புல் காய்ந்து, ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஏரியை ஒட்டிய இடத்தைப் பார்க்கிறவருக்கு அது சாதாரணக் காலிமனையாகத்தான் தெரியும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் கடைக்கால் தோண்டினால் ஒரு அடியில் தண்ணீர் ஊறும். கழிவறைக்குக் கட்டிய செப்டிக் டேங்க் வடியாது. சுவரில் ஈரம் ஏறும். அப்போதுதான் கேள்வி வரும்: ‘இது ஏரியா, நிலமா?’

இந்தக் கேள்விக்குத் தண்ணீரைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் வரும், போகும். ஆனால், ஒரு இடத்தில் ஆண்டுதோறும் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கியிருந்தால், அந்த மண்ணின் நிறம் மாறிவிடும். கோடையிலும் அந்த நிறம் போகாது. உலகம் முழுக்க ஈரநிலங்களின் எல்லையைக் கண்டுபிடிக்க மண்ணியலாளர்கள் நம்பும் முக்கியமான சாட்சிகளில் ஒன்று அது. ஒரு மண்வெட்டி, ஒரு அளவுகோல், ஒரு வண்ண அட்டை இருந்தால் அந்தச் சாட்சியைப் படிக்க ஆரம்பிக்கலாம்.

ஒரே ஏரிக்கு மூன்று கோடுகள்

நம் ஊர் ஏரிகளைப் பொறுத்தவரை, எல்லை என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு கோடுகள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாததால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

முதலாவது, காகிதக் கோடு. வருவாய்த் துறையின் புலப்படத்திலும் ‘அ’ பதிவேட்டிலும் ஏரிப் புறம்போக்கு என்று எந்த சர்வே எண் இருக்கிறதோ, அதன் எல்லை. ஆக்கிரமிப்பு வழக்குகளில் முதலில் பார்க்கப்படுவது இதுதான். 2007-ம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டப்படி ஏரியை அளந்து எல்லை குறிப்பதும் இந்தப் பதிவுகளை வைத்துத்தான்.

இரண்டாவது, கலங்கல் கோடு. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறும். அந்தக் கலங்கலின் மேல்மட்டத்துக்குச் சமமான உயரத்தில் ஏரியைச் சுற்றி ஒரு கோடு இழுத்தால், அதுதான் முழு நீர்மட்டக் கோடு. ஏரி நிரம்பி வழிகிற வருஷத்தில் தண்ணீர் அதுவரை வரும்.

மூன்றாவது, மண் கோடு. உண்மையில் தண்ணீர் எதுவரை, எத்தனை நாள் தங்கியது என்பதை மண் பதிவுசெய்து வைத்திருக்கும் கோடு. வரத்து வாய்க்கால் அடைபட்டு, இருபது வருஷமாக நிரம்பாத ஏரியில், இன்றைய ஈரம் கலங்கல் கோட்டுக்குள்ளேயே சுருங்கியிருக்கும். உள்வாய்ப் பக்கம் ஊற்று உள்ள இடத்தில், ஈரம் கலங்கல் கோட்டையும் தாண்டிப் பட்டா நிலத்துக்குள் நீண்டிருக்கும்.

முதல் இரண்டையும் சர்வேயர் சொல்லிவிடுவார். மூன்றாவதைச் சொல்ல மண்ணைத் தோண்ட வேண்டும்.

செம்மண் ஏன் சாம்பல் நிறமாகிறது?

இண்டூர் சுற்றுவட்டாரத்தில் செம்மண் நிலம் அதிகம். அந்தச் சிவப்பு, மணல் துகள்களின் மேல் பூசியதுபோல ஒட்டியிருக்கும் இரும்புத் துருவின் நிறம்.

மண்ணில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. சாதாரணமாக அவற்றில் காற்று இருக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தக் காற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மக்கிய இலை, வேர்களைத் தின்று வாழும். தண்ணீர் தேங்கினால் இடைவெளிகள் நிரம்பிவிடும். மீதமிருக்கும் ஆக்சிஜன் சில நாட்களில் தீர்ந்துவிடும். அதன் பிறகு நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக வேறு பொருட்களைப் பயன்படுத்த ஆரம்பிக்கும். முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, அதற்கடுத்து இரும்புத் துரு.

துருவிலுள்ள இரும்பு இப்படி மாறும்போது தண்ணீரில் கரைகிறது. துகள் மேல் இருந்த சிவப்புப் பூச்சு கழன்று, தண்ணீரோடு நகர்ந்துபோகிறது. மிஞ்சுவது பூச்சில்லாத மணலும் களிமண்ணும். அதன் சொந்த நிறம் சாம்பல்.

கரைந்த இரும்பு எங்காவது மறுபடியும் காற்றைச் சந்தித்தால், அங்கேயே மீண்டும் துருவாகிப் படியும். வேர் போன துளை, மண்புழு போன பாதை, வெடிப்பு ஆகியவைதான் மண்ணுக்குள் காற்று நுழையும் வழிகள். அதனால் சாம்பல் மண்ணுக்கு நடுவே, வேர்த் துளைகளை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். சில வீடுகளில் போர்வெல் தண்ணீர் பக்கெட்டில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறும். அதுவும் இதே வேலைதான். பூமிக்கடியில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிறது.

ஆகவே, தேட வேண்டியது சாம்பல் நிறத்தை மட்டும் அல்ல. சாம்பலும் துருவும் சேர்ந்திருப்பதை. அந்த ஜோடி, ‘இங்கே தண்ணீர் தேங்கும், பிறகு வடியும், மறுபடியும் தேங்கும்’ என்று சொல்கிறது.

குழி தோண்டிப் படிப்பது எப்படி?

குழி ஒன்றரை அடி முதல் இரண்டு அடி ஆழம் இருந்தால் போதும். ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாக வெட்டி, மண்வெட்டி தேய்த்த தடத்தைக் கத்தி முனையால் கொத்திவிட வேண்டும். மண்வெட்டி இழுத்த மழமழப்பில் உண்மையான நிறம் தெரியாது. மேலே வெளியாள் கொட்டிய கிராவல் இருந்தால், அதற்குக் கீழே உள்ள பழைய தரையிலிருந்துதான் ஆழத்தை அளக்க வேண்டும்.

நிறத்தை ‘சாம்பல் மாதிரி இருக்கு’ என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது. மன்செல் வண்ண அட்டை என்று ஒரு புத்தகம் இருக்கிறது. பெயின்ட் கடையில் இருக்கும் ஷேடு கார்டு போல, ஒவ்வொரு பக்கத்திலும் சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள் இருக்கும். மண் கட்டியைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, வெயில் வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி போடாமல் சதுரங்களோடு ஒப்பிடுவார்கள். அதில் ‘குரோமா’ என்ற எண், நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைச் சொல்லும். நல்ல செம்மண்ணுக்கு அது 4, 6 என்று இருக்கும். 2 அல்லது அதற்குக் கீழே இறங்கி, நிறமும் வெளிறியிருந்தால், இரும்பு வெளியேறிய மண் என்று பொருள்.

எவ்வளவு ஆழத்தில் இருந்தால் கணக்கு? அமெரிக்காவில் ஈரநில எல்லை குறிப்பதற்கு அரசு வெளியிட்டுள்ள மண் அடையாளப் பட்டியலில், களிப்பான மண்ணுக்கு அதிகம் பயன்படும் விதி இது: மண்ணில் அறுபது சதவிகிதத்துக்கு மேல் சாம்பலாக இருக்கும் அடுக்கு, தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் தொடங்க வேண்டும், குறைந்தது 15 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். வெளிறல் பாதியாக உள்ள சாம்பலில் துருப்புள்ளிகளும் இருந்தாக வேண்டும். இந்தியாவின் ஈரநில விதிகளில் இப்படியான மண் அளவு இல்லை. அதனால் இங்கே அதை ஒரு அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம், சட்டமாக அல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இண்டூர் மாதிரியான செம்மண் ஊரில் ஒரு ஏரியின் உள்வாயை மனதில் வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கணக்கு மட்டுமே. தண்ணீர் கடைசியாக வற்றிய பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி ஒரு கயிறு கட்டி, இருபது மீட்டருக்கு ஒரு குழி தோண்டுகிறோம்.

முதல் குழி, பள்ளத்திலேயே. எட்டு சென்டிமீட்டரிலேயே சாம்பல் தொடங்குகிறது. கோரை வேர்களைச் சுற்றித் துரு உறை போட்டதுபோல இருக்கிறது. சந்தேகமே இல்லை, ஈரநிலம்.

இரண்டாவது குழி, 20 மீட்டரில். மேலே 12 சென்டிமீட்டர் கறுத்த மண், அதன் கீழ் துருப்புள்ளிகளோடு சாம்பல். இதுவும் உள்ளேதான்.

மூன்றாவது, 40 மீட்டரில். சாம்பல் 22 சென்டிமீட்டரில் தொடங்கி 42 வரை போகிறது. தொடக்கம் 25-க்குள், தடிமன் 20. விதிக்குப் பொருந்துகிறது.

நான்காவது, 60 மீட்டரில். அரை மீட்டர் வரை நல்ல செம்மண். அதற்குக் கீழே மட்டும் அங்கங்கே துருப்புள்ளி. பொருந்தவில்லை.

ஐந்தாவது, 80 மீட்டரில். அடிவரை சிவப்பு.

ஆக, எல்லை 40-க்கும் 60-க்கும் நடுவில். 50-ல் ஒரு குழி: சாம்பல் 24-ல் தொடங்குகிறது, ஆனால் 9 சென்டிமீட்டர்தான் தடிமன். பொருந்தவில்லை. 45-ல் இன்னொன்று: தடிமன் 16. பொருந்துகிறது. இப்போது 47 அல்லது 48 மீட்டரில் கொடியை நடலாம். இதேபோல ஏரியைச் சுற்றிப் பல இடங்களில் கயிறு கட்டிப் பார்த்து, கொடிகளை இணைத்தால் அதுதான் மண் கோடு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாம்பல் அடுக்கு மேட்டை நோக்கிப் போகப் போக ஆழத்தில் இறங்கிக்கொண்டே போகிறது. இந்தச் சீரான சரிவுதான் நம்பிக்கை தருகிறது. நடுவில் ஒரு குழியில் மட்டும் திடீரென்று சாம்பல் மேலே வந்தால், அது பழைய வாய்க்காலாகவோ, யாரோ மண் எடுத்து மூடிய பள்ளமாகவோ இருக்கலாம். அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

குழாய் சொல்லும் நீர்மட்டம்

மண் பழைய கதையைச் சொல்லும். இன்றைய நிலவரத்தைச் சொல்ல நீர்மட்டத்தை அளக்க வேண்டும்.

இதற்கு ஆழ்துளைக் கிணறு தேவையில்லை. அது தவறான பதிலையும் தரும். பாறைக்குள் இருக்கும் தண்ணீருக்கும் மேல்மண்ணில் தேங்கும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். வேண்டியது, பக்கத்தில் சின்னக் கீறல்கள் போட்ட ஒரு பிவிசி குழாய். இரண்டு அடி ஆழத்துக்குள் இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, தரை மட்டத்தில் களிமண்ணால் இறுக்கமாக அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் குழாயை ஒட்டியே வழிந்து உள்ளே போய், பொய்யான நீர்மட்டம் காட்டும்.

தினமும் ஒரே நேரத்தில், குழாய்க்குள் ஒரு அளவுகோலை விட்டு, தரையிலிருந்து எவ்வளவு கீழே தண்ணீர் என்று எழுதிவர வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு கடைப்பிடிக்கும் அளவு இது: தண்ணீர், தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், பயிர் வளரும் பருவத்தில் தொடர்ந்து 14 நாட்கள் நிற்க வேண்டும், பத்தில் ஐந்து வருஷமாவது அப்படி இருக்க வேண்டும். அங்கே பனிக்காலத்தில் மண் உறைந்து நுண்ணுயிர்கள் அடங்கிவிடும் என்பதால் ‘வளரும் பருவம்’ என்ற நிபந்தனை. தர்மபுரி வெப்பத்தில் அந்தக் கவலை இல்லை. மழைக்காலம் வந்தாலே அளக்கத் தொடங்கலாம்.

ஒரு வருஷத்து அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதுதான் இதில் பலர் செய்யும் தவறு. பெருமழை வருஷத்தில் புஞ்சையிலும் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கும். வறட்சி வருஷத்தில் ஏரிக்குள்ளேயே குழாய் காய்ந்து கிடக்கும். அதனால், அளந்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாத மழையை, அந்தப் பகுதியின் முப்பது வருஷ மழைக் கணக்கோடு ஒப்பிட்டு, அது வழக்கமான மழையா என்று பார்ப்பார்கள். வழக்கமான மழையில் 14 நாள் நின்றால் அது வலுவான சாட்சி. வறட்சியிலும் நின்றால் அதைவிட வலுவானது.

மண்ணும் ஏமாற்றும்!

பழைய ஏரி செத்துப்போயிருந்தாலும் துருப்புள்ளிகள் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும். இப்போது உண்டாகிக்கொண்டிருக்கும் புள்ளியா, பழையதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இப்போது உண்டாகும் துரு, ஈரச் சேலையில் சாயம் பரவியதுபோல ஓரம் மங்கிப் பரவியிருக்கும். உயிருள்ள வேரை ஒட்டி இருந்தால் இன்னும் நிச்சயம். ஓரம் வெட்டியதுபோலக் கூர்மையாக இருந்து, கட்டியாகத் தனியே கழன்று வந்தால், பெரும்பாலும் பழையது. சந்தேகம் இருந்தால், டைபிரிடில் என்ற ரசாயனத்தை ஈர மண்ணில் சொட்டு விடுவார்கள். கரைந்த இரும்பு அந்த நேரத்தில் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். மண் காய்ந்திருக்கும் மே மாதத்தில் இந்தச் சோதனை செய்தால் நிறம் மாறாது. அதை வைத்து ‘ஈரநிலம் இல்லை’ என்று சொல்லிவிடவும் கூடாது.

அடுத்தது, நஞ்சை. ஏரிக்குக் கீழே ஆயக்கட்டில், ஆண்டாண்டாக நெல் நட்ட வயலைத் தோண்டினாலும் சாம்பலும் துருவும் தெரியும். அது மதகு வழியாக மனிதர் பாய்ச்சிய தண்ணீர். சேறு உழுது உழுது உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு இறுகிய அடுக்கு உண்டாகியிருக்கும். அதற்கு மேலே சாம்பல், கீழே சிவப்பு என்று இருந்தால் தண்ணீர் மேலிருந்து வந்தது. கீழே போகப் போகவும் சாம்பல் தொடர்ந்தால், நிலத்தடி நீரே அங்கு உயர்ந்து நிற்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, கரிசல் படிந்த இடங்கள். கறுப்பு மண்ணில் சாம்பலும் துருவும் மறைந்துபோகும். அங்கே நிறத்தை நம்பாமல் குழாயையும் செடிகளையும் நம்ப வேண்டும். கோரையும் சம்பும் தானாக முளைத்து நிற்கும் இடத்துக்கும், வேலிக்காத்தான் மட்டும் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் உண்டு.

சட்டத்தில் இந்தக் கோட்டுக்கு என்ன மதிப்பு?

2017-ம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், நெல் வயல்களையும், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய ஏரி, குளங்களையும் ‘ஈரநிலம்’ என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கின்றன. எனவே இண்டூர் போன்ற ஊர்களின் பாசன ஏரிகளுக்கு, அந்த விதிகளைவிட வருவாய்ப் பதிவும் ஏரிப் பாதுகாப்புச் சட்டமும்தான் நேரடிக் காவல். உங்கள் பட்டா நிலத்தில் சாம்பல் மண் இருந்தால் அது புறம்போக்கு ஆகிவிடாது. புறம்போக்கில் செம்மண் இருந்தால் அது மனை ஆகிவிடவும் செய்யாது.

அந்த விதிகளுக்குள் வரும் ஈரநிலங்களில் கோடு எங்கே விழுகிறது என்பது பெரிய விஷயம். கடந்த பத்து வருஷங்களின் சராசரி வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன விதிகள். இந்தியாவில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் 2,31,195 என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கெடுக்கப்பட்டது. அவற்றை நேரில் சென்று சரிபார்த்து எல்லை குறிக்குமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. செயற்கைக்கோள், படம் எடுத்த நாளின் தண்ணீரைத்தான் பார்க்கும். ஒரு அடி ஆழத்து ஈரம் அதற்குத் தெரியாது.

கோடு தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பள்ளிக்கரணை உதாரணம். 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட இந்தச் சதுப்புநிலத்தைச் சுற்றி, பாதிப்புப் பகுதி எதுவரை என்று அறிவியல்ரீதியாக முடிவாகும் வரை, தளத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-ல் உத்தரவிட்டது. வீடு கட்டக் காத்திருந்த சாதாரணக் குடும்பங்களும் இதனால் திகைத்து நின்றன.

மனை வாங்குபவர் செய்யக்கூடியது

ஏரிக்குப் பக்கத்தில் இடம் பார்க்கிறவர்கள், பத்திரத்தோடு சேர்த்து மண்ணையும் படிக்கலாம். கோடையில் பார்க்கப் போனால், விற்பவரின் சம்மதத்தோடு தாழ்வான மூலையில் இரண்டு அடி குழி ஒன்று. ஒரு அடிக்குள் சாம்பலும் துருவும் சேர்ந்து தெரிந்தால், மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்க வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை வரை பொறுத்திருந்து, அதே குழியில் இரண்டு வாரம் நீர்மட்டத்தைப் பார்க்கலாம். மேலே கிராவல் கொட்டி உயர்த்துவது தரையைத்தான் உயர்த்தும். கீழே உள்ள தண்ணீரை இறக்காது.

ஊராட்சியும் ஏரி விவசாயிகளும் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. தமிழ்நாட்டில் அனுமதி பெற்று, ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான். ஆனால், உள்வாய் ஓரத்தில் மேல் இரண்டு அடியை ஜேசிபி வழித்துவிட்டால், எல்லையைச் சொல்லும் அடுக்கும் வண்டலோடு போய்விடும். புதிதாக வெளிப்படும் மண்ணில் அந்தச் சாட்சி மறுபடி உருவாகச் சில ஆண்டுகளாவது தண்ணீர் தேங்கி வடிய வேண்டும். அதனால், வண்டி இறங்குவதற்கு முன்பே நாலு இடத்தில் கயிறு கட்டிக் குழி தோண்டி, அளவுகோலோடு போட்டோ எடுத்து, செல்போனில் இருப்பிடத்தையும் தேதியையும் பதிந்து வைத்துவிட்டால் போதும். பிறகு எல்லைத் தகராறு வரும் நாளில், ‘தண்ணீர் இதுவரை நின்றது’ என்பதற்குப் பெரியவர்களின் ஞாபகம் மட்டுமே ஆதாரமாக இருக்காது.